வாரத் தாளில் முதலில் எதை எழுதுவது? மனச்சோர்வுக்கான செயலூக்கச் சிகிச்சையில் மூன்று வழிகள், பெரம்பூர் தையல்காரர் ஒருவரின் ஒரு வாரம்

மனநல ஆலோசகர் பயிற்சியில் இருக்கும் பிள்ளைகள் சூப்பர்விஷனுக்கு வரும்போது அடிக்கடி கொண்டுவருவது ஒரு வெற்றுத் தாளைத்தான். ஏழு நாள், மணிவாரியாகக் கட்டங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் “நீங்களே சொல்லுங்க மேடம், எழுதிக்கிறேன்” என்கிறார். என்ன சொல்வது? பாட்டுக் கேளுங்கள், நடந்துவிட்டு வாருங்கள் என்பதா? வாழ்க்கையில் உங்களுக்கு எது முக்கியம் என்று கேட்டு அங்கிருந்து இறங்கி வருவதா? அவர் எதைக் கண்டு ஒதுங்குகிறாரோ அதில் கை வைப்பதா?

பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்ற ஒரே பெயருக்குள் இந்த மூன்று வழிகளும் இருக்கின்றன. நாங்கள் அதைச் செயலூக்கம் என்று சொல்லிக்கொள்கிறோம். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. சோர்ந்தவர் செயலைக் குறைக்கிறார். செயல் குறைந்தால் வாழ்க்கையிலிருந்து திரும்பிக் கிடைப்பதும் குறைகிறது. அதனால் சோர்வு கூடுகிறது. மனசு சரியான பிறகு செய்வோம் என்று காத்திராமல், செயலை முதலில் நகர்த்தி மனநிலையைப் பின்னால் வரவைப்பதுதான் வேலை. எந்தச் செயலை முதலில் நகர்த்துவது என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நான் மூன்றாவது வழியில்தான் தொடங்குவேன். ஆனால் அதை மட்டும் வைத்து முதல் வாரத்தை நிரப்ப மாட்டேன்.

## யாருக்காக இந்தத் தாள்

பேச்சுக்கு ஒருவர் வேண்டும். நான் பார்த்த சிலரைக் கலந்து, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். பெரம்பூரில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கும் 44 வயதுப் பெண். கணவருக்கு ரயில்வேயில் ஷிப்ட் வேலை. மூத்த மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள், மகன் பன்னிரண்டாம் வகுப்பு. ஐந்து மாதமாக மெஷினைத் தொடவில்லை. கட்டிலுக்கடியில் ஒன்பது பை துணி கிடக்கிறது. அதில் ஒன்று கல்யாணப் பெண்ணின் பிளவுஸ், முகூர்த்தம் முடிந்து நாளாகிவிட்டது. “கையும் காலும் ஓடல, படுத்தே கிடக்கேன்” என்றார். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளில் மதிப்பெண் 17. தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு பூஜ்யம். வாயாலும் நேரடியாகக் கேட்டோம், இல்லை என்றார். தைராய்டும் ரத்தமும் பார்த்தாயிற்று.

முதல் வாரம் எதையும் மாற்றச் சொல்லவில்லை. ஒவ்வொரு மணிக்கும் என்ன செய்தார், மனநிலை எத்தனை என்று 0 முதல் 10 வரை ஒரு எண். தனித் தாள் கொடுத்தால் மாமியார் எடுத்துப் பார்ப்பார் என்றதால், தன் அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதினார். வாடிக்கையாளரின் மார்பளவும் தோளளவும் இருக்கும் நோட்டை வீட்டில் யாரும் புரட்ட மாட்டார்கள்.

திரும்பி வந்த நோட்டில் மூன்று விஷயங்கள் தெரிந்தன. காலை ஆறு மணிக்குத் தெருப் பம்பில் தண்ணீர் பிடிக்கும்போது 4. பகல் பதினொன்று முதல் நான்கு வரை படுக்கையில் மொபைல் பார்த்தபடி 1 அல்லது 2. வாரத்தின் உச்சம் வியாழன் மாலை: பக்கத்து வீட்டுச் சிறுமியின் பள்ளிப் பாவாடைக்கு ஊக்கு வைத்துக் கொடுத்த பத்து நிமிடம், 5.

படுக்கை ஏன் பதினொரு மணிக்கு? தினமும் அதே நேரத்தில் சோர்வு வர என்ன காரணம்? கட்டங்களைப் பின்னோக்கிப் படித்தோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வாடிக்கையாளர்கள் போன் செய்யத் தொடங்குவது பத்தரைக்கு. அப்போது இவர் போனை சைலன்ட்டில் போடுகிறார். பிறகுதான் படுக்கிறார். “அசதியில படுக்கிறேன்” என்று அவரும் நம்பினார், முதல் அமர்வில் நானும் நம்பினேன்.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு கேள்விகள் போதும். ஒன்று, கையில் இருக்கும் கொஞ்ச சக்தியில் இது இந்த வாரமே நடக்குமா? இரண்டு, சோர்வைத் தாங்கி நிறுத்தும் கம்பத்தை இது தொடுகிறதா, அல்லது பக்கத்தில் பூச்செடி வைக்கிறதா? மூன்று, முப்பது நாற்பது நிமிட அமர்வில் புதிய ஒருவரால் செய்ய முடியுமா? நான்கு, நடக்காமல் போனால் அந்தத் தோல்வியிலிருந்து எதையாவது கற்க முடியுமா? கடைசிக் கேள்வியைப் பயிற்சியாளர்கள் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

## முதல் வழி: பிடித்ததைச் சேர்ப்பது

இது 1970-களில் பீட்டர் லெவின்சன் வகுத்த வழி. இன்பம் தரும் நிகழ்வுகளாக 320 கொண்ட ஒரு பட்டியலே அவர் குழு உருவாக்கியது. எது எத்தனை முறை நடக்கிறது, எவ்வளவு இன்பம் தருகிறது என்று குறித்து, குறைந்தவற்றைக் கூட்டுவது முறை.

சொல்லிக்கொடுக்க எளிது, வேலை சின்னது, முதல் வாரமே நடக்கும். நம் தையல்காரருக்கு என்றால் தண்ணீர் பிடித்த கையோடு பக்கத்து வீட்டு அக்காவுடன் வாசலில் பத்து நிமிடம் உட்காருவது இந்த வகை.

இதில் மறைந்திருக்கும் செலவு இரண்டு. “எது பிடிக்கும்?” என்ற கேள்வியே ஆழ்ந்த சோர்வில் இருப்பவருக்கு ஒரு தண்டனை. “ஒண்ணுமே பிடிக்கல, அதுக்குத்தானே வந்தேன்” என்பார். பழைய இன்பத்தைத் திரும்பச் செய்து அது உப்புச்சப்பில்லாமல் போனால், தான் முழுசாகக் கெட்டுப்போனதற்கு அதையே சாட்சியாக எடுத்துக்கொள்வார். ஆகவே இன்பத்தை வாக்களிக்காதீர்கள். “செய்யும்போது எண் எவ்வளவு என்று பார்ப்போம்” என்பதோடு நிறுத்துங்கள். இரண்டாவது செலவு இன்னும் பெரிது: ஒன்பது பையும் கட்டிலுக்கடியிலேயே இருக்கும்.

வேலை, உறவு என்று எதையும் ஒதுக்கவில்லை, வாழ்க்கையே காய்ந்து போயிருக்கிறது என்றால் இது நல்ல வழி. ஓய்வு பெற்றுத் தனியாக இருப்பவர், புதிதாக ஊர் மாறி வந்து யாரையும் தெரியாதவர், நீண்ட நோயில் படுத்து எழுந்தவர் போன்றோருக்கு.

## இரண்டாம் வழி: முக்கியமானதிலிருந்து இறங்கி வருவது

கார்ல் லெஜுஸ், டெரெக் ஹாப்கோ குழுவினர் 2001-இல் வெளியிட்டு 2011-இல் திருத்திய சுருக்கச் சிகிச்சை இந்த வகை. உறவு, வேலை, உடல்நலம், அன்றாடப் பொறுப்பு என்று வாழ்க்கையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எது முக்கியம் என்று கேட்டு, அதற்கு உகந்த செயல்களை எளிதிலிருந்து கடினம் வரை படியாக அடுக்குவது.

வேலை காரண காரியத்தோடு நிற்கும். ‘எண்ணெய் போட்டு மெஷினைத் துடை’ என்பது வெறும் வேலை. ‘என் கைக்காசில் மகனுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும்’ என்பதன் முதல் படியாக அது வரும்போது வேறு எடை பெறுகிறது.

ஆனால் நம் ஊரில் இந்தக் கேள்விக்கு வரும் முதல் பதிலை நான் நம்புவதில்லை. “பசங்க நல்லா இருக்கணும், வீட்டுக்காரருக்கு டைமுக்கு சாப்பாடு குடுக்கணும்” என்று அவர் சொல்வார். அதை அப்படியே தாளில் இறக்கினால் ஏழு நாளும் சமையலும் துணி துவைப்பதுமாக நிரம்பும். குடும்பத்துக்கு மகிழ்ச்சி, பயிற்சியாளருக்கும் தாள் நிரம்பிய திருப்தி. அவருக்கு மட்டும் வேலைக்காரித்தனம் கூடியிருக்கும். யார் முகத்துக்காக இந்தப் பதில் என்று பிரித்தெடுக்க இரண்டு மூன்று அமர்வு ஆகும். மதிப்பெண் 17-இல் இருப்பவரிடம் அதற்குரிய பொறுமை முதல் வாரத்தில் இருக்காது.

சோர்வு கொஞ்சம் இறங்கிய பிறகு, “சரி, இப்போ எதுக்காக எழுந்திருக்கணும்?” என்று அவரே கேட்கத் தொடங்கும்போது இதைவிடச் சிறந்த வழி இல்லை. நான் பெரும்பாலும் நான்காம் அமர்வுக்கு மேல்தான் இதை எடுப்பேன்.

## மூன்றாம் வழி: தவிர்ப்பின் முடிச்சை அவிழ்ப்பது

சார்லஸ் ஃபெர்ஸ்டர் 1973-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதன் விதை இருக்கிறது: சோர்ந்தவர் சும்மா இருக்கவில்லை, துன்பத்திலிருந்து தப்பிக்கும் செயலைச் செய்துகொண்டிருக்கிறார். 1996-இல் நீல் ஜேக்கப்சன் குழு 150 பேரை மூன்றாகப் பிரித்து, எண்ணங்களை மாற்ற முயலும் அறிதிறன் சிகிச்சையை முழுமையாகக் கொடுத்ததையும் அதன் ஒரு பகுதியான செயலூக்கத்தை மட்டும் கொடுத்ததையும் ஒப்பிட்டபோது, செயலூக்கம் மட்டும் பெற்றவர்கள் பின்தங்கவில்லை. அந்த முடிவிலிருந்து கிறிஸ்டோபர் மார்ட்டெல் முதலானோர் தவிர்ப்பை மையமாக வைத்து இந்த வழியை வளர்த்தார்கள்.

இதில் செயலின் தோற்றத்தைவிட அது எதற்காக நடக்கிறது என்பதே முக்கியம். நம்மவருக்கு முடிச்சு இப்படி: தூண்டுவது போன் மணி. உள்ளே எழுவது நெஞ்சில் அடைப்பும் குற்ற உணர்ச்சியும். தப்பும் வழி சைலன்ட்டும் படுக்கையும். உடனே கிடைப்பது பத்து நிமிட நிம்மதி. அந்த நிம்மதிதான் அடுத்த நாளும் படுக்க வைக்கிறது. தூரத்தில் சேர்வது வாடிக்கையாளர் இழப்பு, வருமானம் நின்றது, இன்னும் பெரிய குற்ற உணர்ச்சி. தூண்டலும் உணர்வும் அப்படியே இருக்கட்டும், தப்பும் இடத்தில் மட்டும் வேறொன்றை வைப்போம் என்பதுதான் ஒப்பந்தம்.

இதற்கும் செலவு உண்டு. முதலில் மனநிலை எண் இறங்கும், அதை முன்பே சொல்லாவிட்டால் இரண்டாம் வாரம் ஆள் வர மாட்டார். “நீங்க தவிர்க்கிறீங்க” என்ற சொல் தமிழில் குற்றச்சாட்டாகவே விழும். நான் “அந்த நேரத்துல எது கொஞ்சம் ஆறுதலா இருக்கு?” என்று கேட்டு நுழைவேன். மணிவாரிக் குறிப்பு இல்லாமல் இந்த வழி செய்யவே முடியாது, வெறும் ஊகமாகிவிடும். இதைவிட முக்கியம், எல்லா ஒதுங்கலும் தவிர்ப்பு ஆகாது. அடிக்கும் கணவர் வீட்டில் இருக்கும்போது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறார். அந்தக் கதவைத் திறக்கச் சொல்லித் தாளில் எழுதக் கூடாது.

| | இந்த வாரமே நடக்குமா | எதைத் தொடும் | செலவு | எப்போது |
|---|---|---|---|---|
| பிடித்ததைச் சேர்ப்பது | எளிதாக | வெறுமையை | இன்பம் வராவிட்டால் ஏமாற்றம் | வாழ்க்கை காலியாகிப் போனவருக்கு |
| முக்கியமானதிலிருந்து | மெதுவாக | அர்த்தத்தை | குடும்பத்தின் பட்டியல் நுழைந்துவிடும் | சோர்வு சற்று இறங்கிய பிறகு |
| தவிர்ப்பின் முடிச்சு | சின்னதாக வெட்டினால் | சோர்வைத் தாங்கும் கம்பத்தை | முதலில் எண் இறங்கும் | தள்ளிப்போட்டவை குவிந்திருப்பவருக்கு |

கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் பட்டம் இல்லாத ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் கொடுத்த செயலூக்கச் சிகிச்சை கடுமையான சோர்வுக்கும் பலன் தந்ததை 2017-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. ஆகவே புதியவரால் முடியுமா என்று தயங்க வேண்டியதில்லை.

## அந்த வாரத் தாள்

நாங்கள் சேர்ந்து எழுதியது கீழே. பெரும்பாலான வேலைகளுக்கு 10.20 என்று நேரம் குறித்ததைக் கவனியுங்கள். போனை சைலன்ட்டில் போடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு. நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. கடைசி இரண்டு பத்திகளை அவர் நிரப்பிக் கொண்டுவந்தார். எண்கள் செயலுக்கு முன்பும் பின்பும்.

| நாள், நேரம் | திட்டம் | நடந்தது | மனநிலை |
|---|---|---|---|
| திங்கள் 6.15 | தண்ணீர் பிடித்ததும் வாசலில் அக்காவுடன் 10 நிமிடம் | செய்தார் | 3 → 4 |
| திங்கள் 10.20 | ஒன்பது பையையும் வெளியே எடுத்து, யாருடையது என்று நோட்டில் பெயர் மட்டும் எழுதுவது | ஆறு பை | 2 → 2 |
| செவ்வாய் 10.20 | கோபப்படாத ஒரு வாடிக்கையாளருக்குக் குரல் செய்தி | அனுப்பினார் | 1 → 3 |
| புதன் 10.20 | மெஷின் உறையை எடுத்துத் துடைத்து எண்ணெய், பாபினில் நூல். தைக்க வேண்டாம் | இல்லை | 1 |
| வியாழன் 4.30 | சிறுமியின் இரண்டாவது பாவாடைக்கு ஊக்கு, அவள் எதிரே உட்கார்ந்திருக்க | செய்தார் | 2 → 5 |
| வெள்ளி 10.20 | அதே வாடிக்கையாளருக்கு ஒரு தேதி சொல்வது | கோயிலுக்குப் போனார் | 2 → 4 |
| வெள்ளி 6.00 | அக்காவுடன் அம்மன் கோயில் | காலையிலேயே போயாயிற்று | – |
| சனி 10.20 | வெட்டி வைத்த ஒரு பிளவுஸில் எம்மிங் மட்டும், 20 நிமிடம் | 12 நிமிடம் | 2 → 4 |
| ஞாயிறு 11.00 | மகளுக்கு இவரே போன் செய்வது, 10 நிமிடம் | செய்தார் | 3 → 4 |

செவ்வாய்க்கிழமைச் செய்தியை அமர்விலேயே சொல்லிப் பார்த்தோம்: “துணி என்கிட்ட பத்திரமா இருக்கு. உடம்பு சரியில்லாம இருந்துச்சு. எப்ப முடியும்னு வெள்ளிக்கிழமை சொல்றேன்.” அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம் என்றேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினால் அழுகையில் முடியும் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

## தாளை எப்படிப் படிப்பது

பயிற்சியாளர் ஒருவரிடம் இந்தத் தாளைக் காட்டினேன். வியாழனைப் பாராட்டி, புதனுக்கு வருத்தப்பட்டு, வெள்ளி காலை கோயிலுக்குப் போனதை “நல்ல முன்னேற்றம்” என்றார். எனக்கு இந்தத் தாளில் ஆகக் கவலை தந்த கட்டம் அந்தக் கோயில்தான்.

கோயில் மாலை ஆறு மணிக்கு என்றால் அது அக்காவுடன் ஒரு வெளிநடமாட்டம். 10.20-க்கு என்றால் தேதி சொல்வதிலிருந்து தப்பிக்க ஒரு மரியாதையான கதவு. எண் 2-இலிருந்து 4-க்கு ஏறியது உண்மை. சைலன்ட்டில் போட்ட முதல் பத்து நிமிடமும் அப்படித்தான் ஏறியிருக்கும். செயல் ஒன்றே, நேரம் மாறியதும் அதன் வேலை மாறிவிட்டது. எண் ஏறியதா என்று மட்டும் பார்த்தால் இதைப் பிடிக்க முடியாது, திட்டத்துக்குப் பதிலாக வந்ததா என்று பார்க்க வேண்டும்.

புதன்கிழமைக்கு அவர் சொன்ன காரணம் “மூடு இல்ல மேடம்”. அந்தப் பதிலோடு நிறுத்தினால் அடுத்த வாரம் வேலையை இன்னும் சின்னதாக்கிக் கொடுத்திருப்போம். உறையை மட்டும் எடுங்கள், துடைக்க வேண்டாம் என்று. ஆனால் எண்ணெய் போடுவது பெரிய வேலை இல்லை, திங்களன்று அதைவிடக் கனமானதைச் செய்திருக்கிறார். செவ்வாய் இரவு என்ன நடந்தது என்று மணிவாரியாகக் கேட்டபோது வந்தது: வாடிக்கையாளர் பதில் அனுப்பியிருந்தார். குரல் செய்தி, 40 விநாடி. இவர் அதைத் திறக்கவே இல்லை. போனையே அணைத்துவிட்டார்.

ஆக, தூண்டல் இடம் மாறிவிட்டது. முன்பு மணி, இப்போது பதில். செய்தி அனுப்புவதைத் திட்டமிட்ட நான், பதில் வந்தால் என்ன செய்வது என்பதைத் திட்டமிடவில்லை. இது அவருடைய தோல்வி இல்லை, என் தாளில் விட்டுப்போன ஒரு கட்டம் என்று அவரிடமே சொன்னேன். அமர்விலேயே அந்தச் செய்தியைத் திறந்தோம். முதல் பத்து விநாடி “எவ்ளோ நாளாச்சு” என்ற சலிப்பு. மீதி, உடம்புக்கு என்ன, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற விசாரிப்பு.

எல்லாவற்றையும் செய்தேன், எண் மட்டும் நகரவில்லை என்று சிலர் வருவார்கள். அப்போது செய்யும்போது மனம் எங்கே இருந்தது என்று கேளுங்கள். நடைப்பயிற்சியின் அரை மணியும் பழையதை அசைபோட்டுக்கொண்டு நடந்தால் கால்தான் நடந்தது. நிமிடத்தைக் குறைத்து, கண்ணும் கையும் ஈடுபடும் வேலையாக மாற்றினால் எண் அசையும். ஊக்கு வைக்கும்போது 5 வந்ததற்கு எதிரே ஒரு குழந்தை பேசிக்கொண்டிருந்ததும் காரணம்.

## தாளை மூடி வைக்க வேண்டிய நேரம்

ஒன்பதாவது கேள்விக்கு பூஜ்யத்துக்கு மேல் எதுவும் வந்தால் அந்த அமர்வு பாதுகாப்புக்கானது. எண்ணமா, திட்டமா, கைக்கெட்டும் வழி இருக்கிறதா என்று கேட்டு, மூத்த ஆலோசகரையும் மனநல மருத்துவரையும் அன்றே சேர்க்க வேண்டும். இடைப்பட்ட நேரத்துக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எண் அவர் கையில் இருக்கட்டும். முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல் பல நாள் பரபரவென்று இருந்ததுண்டா என்று கேட்காமல் யாருக்கும் செயலைக் கூட்டத் தொடங்காதீர்கள். இருதுருவ நோய் இருந்தால் மருத்துவர் சேர்ந்து பார்க்க வேண்டியது, தூக்க நேரத்தை நிலைப்படுத்துவதே அங்கே முதல் வேலை. வாடகை பாக்கிதான் சோர்வின் பாதி என்றால், தாளில் வர வேண்டியது வாடகைக்கான வழி.

நம்மவரின் மூன்றாம் வாரத் தாளில் கோயில் மாலைக்கே திரும்பியது. செவ்வாய் 10.20-க்கு எதிரே இந்தத் தடவை இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று, அடுத்த வாடிக்கையாளருக்குக் குரல் செய்தி. இரண்டு, பதில் வந்தால் மறுநாள் காலை 6.15-க்கு, வாசலில், அக்கா பக்கத்தில் இருக்கும்போது திறப்பது. இரண்டாவது வரியை அவரே சொன்னார். கல்யாணப் பிளவுஸ் இருந்த பையை மட்டும் இந்த வாரமும் பட்டியலில் சேர்க்கவில்லை. அதை ஐந்தாம் அமர்வுக்கு வைத்திருக்கிறோம்.